மார்ஃபின் ஆம்பூலில் மீதி ஆறு மில்லிகிராம்

மார்ஃபின் ஆம்பூல் ஒன்றில் 1 மி.லி. மருந்து இருக்கும். அந்த 1 மி.லி.க்குள் 10 மி.கி. மார்ஃபின். ஆனால் டாக்டர் எழுதுவது பெரும்பாலும் 2, 3, 5 என்றுதான் இருக்கும். ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் கொடுத்தது போக மருந்து மிஞ்சும். வார்டுக்குப் புதிதாக வருகிற நர்ஸ்கள் டிடி கபோர்ட்டின் சாவியைக் கையில் வாங்கும்போதுதான் பயப்படுகிறார்கள். பயம் அங்கே தேவையில்லை. பூட்டுக்குள் இருக்கும் ஆம்பூலுக்கு இரட்டைப் பூட்டு, சிவப்பு விளக்கு, புத்தகம், எண்ணிக்கை என்று நாலு காவல் இருக்கிறது. உடைத்துவிட்ட ஆம்பூலின் மீதிக்கு இரண்டு பேர் நேரில் பார்த்தார்கள் என்பதைத் தவிர வேறு காவல் கிடையாது. தவறு நடப்பதும், பிறகு விசாரணை என்று உட்காரவைப்பதும் அந்த மீதியை வைத்துத்தான்.

மலேசியாவில் மார்ஃபின், பெத்தடின், ஃபென்டனில் மூன்றும் 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தின் கீழ் வருபவை. டேஞ்சரஸ் டிரக்ஸ் என்பதை டிடி என்று நாம் சுருக்கிச் சொல்வது அதனால்தான். சட்டம் அவ்வளவு போதும். வார்டில் நம்மைக் காப்பாற்றுவது கையும் பேனாவும் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பது. அதை ஒரு நோயாளியை வைத்தே பார்க்கலாம்.

பேராக்கின் தோட்டப்புற ஊர்களில் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு என்றால் செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்தவர், மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்தவர் என்று எப்போதும் ஓரிருவர் படுத்திருப்பார்கள். இரவு 2 மணி. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்த 42 வயது தோட்டத் தொழிலாளி. வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு எட்டு என்கிறார். டாக்டர் வந்து பார்த்து மருந்துச் சீட்டில் எழுதுகிறார்: மார்ஃபின் சிரை வழியாக, 1 மி.கி. வீதம், 5 நிமிட இடைவெளியில், மொத்தம் 5 மி.கி. வரை, வலி நான்குக்குக் கீழே வந்தால் நிறுத்தவும். கையெழுத்தும் நேரமும் போட்டிருக்கிறார்.

டாக்டர் போனில் சொன்னதை நம்பி ஆம்பூலை வெளியே எடுக்கக் கூடாது. “மிஸ்ஸி, நீங்க எடுத்து ரெடி பண்ணுங்க, நான் வந்து எழுதிடறேன்” என்பார்கள். அவர் மூன்று வார்டு பார்க்கிறவர், வர முக்கால் மணி நேரம் ஆகலாம். அதுவரை உடைத்த ஆம்பூலை வைத்துக்கொண்டு நிற்பது நாம். சிரிஞ்ச், சலைன், ஸ்டிக்கர், கிட்னி டிஷ் எல்லாவற்றையும் எடுத்துத் தயாராக வைக்கலாம். கபோர்ட் மட்டும் எழுத்து வந்த பிறகு திறக்கட்டும்.

முதலில் இரண்டாம் ஆளைக் கூப்பிடுங்கள், சாவியை அப்புறம் எடுங்கள். இந்த வரிசை மாறினாலே பாதி வில்லங்கம் வந்துவிடும். இரண்டாம் ஆள் என்றால் பதிவு பெற்ற நர்ஸ், எம்.ஏ. என்று நாம் சொல்லும் மருத்துவ உதவியாளர் அல்லது டாக்டர். மாணவ நர்ஸும் வார்டு உதவியாளரும் சாட்சி ஆக மாட்டார்கள், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சரி. இரவில் வார்டில் தகுதியான ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றால் பக்கத்து வார்டுக்குப் போன் போட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் முனகுவார்கள். முனகட்டும்.

இருவரும் கபோர்ட் முன்னால் நிற்கும்போது முதல் வேலை, எடுப்பதற்கு முன்னால் எண்ணுவது. புத்தகத்தில் மார்ஃபின் பக்கத்தில் கையிருப்பு 12 என்று இருக்கிறது. பெட்டியில் 12 இருக்கிறதா? இருந்தால் ஒன்றை எடுத்து, பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மருந்துச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். மிச்சம் 11. உடனே பூட்டு. இந்த நேரத்தில் புத்தகத்தில் எழுத வேண்டியவை தேதி, நேரம், நோயாளியின் பெயர், பதிவு எண், எழுதிய டாக்டரின் பெயர், எடுத்தது 1 ஆம்பூல், கையிருப்பு 11. கொடுத்த அளவு, கொட்டிய அளவு என்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள்.

அந்தக் கட்டங்களை இப்போதே நிரப்பிவிடத்தான் கை துடிக்கும். டாக்டர் 5 என்று எழுதியிருக்கிறார், ஆகவே கொடுத்தது 5, கொட்டியது 5 என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது போல் இருக்கும். ஆனால் இந்த நோயாளிக்கு நாலாவது மில்லிகிராமிலேயே வலி அடங்கலாம். அப்போது புத்தகத்தில் ஒன்று, மருந்துச் சீட்டில் ஒன்று என்று ஆகிவிடும். அடித்துத் திருத்த ஆரம்பித்தால் அந்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள். உத்தரவில் ‘வரை’ என்ற சொல் இருந்தால், கொடுத்து முடிக்கும்வரை அளவு யாருக்கும் தெரியாது. அது டாக்டருக்கும் பொருந்தும்.

ஆம்பூலை உடைத்து 10 மி.லி. சிரிஞ்சில் 1 மி.லி. மருந்தை இழுத்து, சலைன் சேர்த்து மொத்தம் 10 மி.லி. ஆக்குகிறோம். இப்போது 1 மி.லி. என்பது 1 மி.கி. கணக்கு எளிதாகிவிட்டது, கொடுக்கும் அளவையும் துல்லியமாகத் தள்ளலாம். நீர்க்காத மருந்தில் 1 மி.கி. என்றால் வெறும் 0.1 மி.லி. பெரிய சிரிஞ்சில் அதை யாராலும் சரியாகத் தள்ள முடியாது. ஊசியின் கழுத்தில் தங்குகிற துளியே அவ்வளவு இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. ஆம்பூலில் எழுதியிருப்பது 1 மி.லி. என்றாலும், உள்ளே கொஞ்சம் கூடவே நிரப்பியிருப்பார்கள். முழுதாக இழுத்தால் 1.1 மி.லி. வரும். சரியாக 1 மி.லி. மட்டும் இழுத்து, அடியில் நிற்கும் அந்தத் துளியை ஆம்பூலிலேயே விடுங்கள். ஆனால் ‘காலி ஆம்பூல்’ என்று அப்படியே ஓரமாக வைத்துவிடாதீர்கள். மீதியைக் கொட்டும்போது அதையும் சேர்த்துக் கொட்ட வேண்டும். புத்தகக் கணக்கில் அந்தத் துளி வராது, அங்கே ஆம்பூல் என்றால் 10 மி.கி.தான்.

சிரிஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டாமல் கட்டிலை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். மருந்தின் பெயர், 10 மி.லி.யில் 10 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 1 மி.கி., நோயாளியின் பெயர், நேரம், இருவரின் சுருக்கொப்பம். பக்கத்து வார்டிலிருந்து வந்தவர் தன் பழக்கப்படி 5 மி.லி.யில் கலக்குபவராக இருக்கலாம். அவர் கலக்கி நீங்கள் கொடுத்தால், 1 மி.லி. என்று நினைத்துத் தள்ளுவது 2 மி.கி. ஆகிவிடும். சலைன் மட்டும் இழுத்த சிரிஞ்சும் மார்ஃபின் சிரிஞ்சும் ஒரே கிட்னி டிஷ்ஷில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

கட்டிலருகே சாட்சியும் வர வேண்டும். தோட்டப்புற வார்டில் முனியாண்டி என்றோ சுப்பிரமணியம் என்றோ ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருப்பது சாதாரணம். சில நேரம் அப்பா பெயரும் ஒன்றாக இருந்து தொலைக்கும். “நீங்க முனியாண்டியா?” என்று கேட்டால் வலியில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். “உங்க பேரு என்னங்க, அப்பா பேரு என்ன?” என்று அவர் வாயால் சொல்ல வைத்து, கைப்பட்டையில் உள்ள ஐ.சி. எண்ணை மருந்துச் சீட்டோடு ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க வேண்டும். ஒவ்வாமை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நம் நோயாளிக்கு 2.15-க்கு முதல் 1 மி.கி. அடுத்தது 2.20, 2.25, 2.30. ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன்னால் வலி எண், மூச்சு எண்ணிக்கை, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ, கூப்பிட்டு எழுப்புவது கஷ்டமானாலோ நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். மார்ஃபினை முறிக்கும் நாலோக்ஸோன் ஆம்பூல் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மார்ஃபின் எடுக்கும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். இவருக்கு 2.35-க்கு வலி மூன்று, மூச்சு 14, கூப்பிட்டால் உடனே பதில் சொல்கிறார். நிறுத்தியாயிற்று. கொடுத்தது 4 மி.கி., சிரிஞ்சில் 6 மி.லி., அதாவது 6 மி.கி. மீதி.

இந்த இருபது நிமிடமும் சிரிஞ்ச் கொடுப்பவரின் கையில் அல்லது அவர் கண்ணெதிரே உள்ள கிட்னி டிஷ்ஷில் இருக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும், கட்டிலடியில் மேசைமேல் வைத்துவிட்டு இன்னொரு நோயாளியின் மணிச் சத்தத்துக்கு ஓடுவதும் கூடவே கூடாது. ஓட வேண்டிய அவசரம் வந்தால் சிரிஞ்சைச் சாட்சியின் கையில் கொடுத்துவிட்டு ஓடலாம். சாட்சி ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் பக்கத்திலேயே நிற்க முடியாத இரவுகள் உண்டு. அப்படியானால் முதல் டோஸுக்கும், மீதியைக் கொட்டும்போதும் கட்டாயம் இருந்தாக வேண்டும். நடுவில் போய் வந்தவர், வந்ததும் சிரிஞ்சின் கோட்டையும் மருந்துச் சீட்டில் எழுதிய டோஸ்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நாலு டோஸ் எழுதியிருந்தால் சிரிஞ்சில் 6 நிற்க வேண்டும். 5.5 நின்றால் அங்கேயே நின்று கேளுங்கள்.

வலி மறுபடி வரும், இன்னும் ஒரு டோஸ் வேண்டியிருக்கும், ஆகவே மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். டோஸ் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு தொடர்ச்சி வரைக்கும்தான் சிரிஞ்சுக்கு உயிர். டாக்டர் சொன்ன இலக்கு வந்து நிறுத்திவிட்டால் கொட்டிவிட வேண்டும். நாலு மணிக்கு மறுபடி வேண்டுமென்றால் புது உத்தரவு, புது ஆம்பூல், புது வரி. “ஐயோ, மருந்து வீணாகுதே” என்று சில மூத்தவர்கள் சொல்வார்கள். பாதி மார்ஃபின் உள்ள சிரிஞ்ச் ஃபிரிட்ஜில் இருப்பதைவிட அந்த வீண் மேல். காலையில் அதை எடுப்பவருக்கு அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு சலைன் ஏற்றி வைத்திருந்தாலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கொட்டுவது எப்படி என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும், உங்கள் வார்டு விதியைப் பாருங்கள். நடைமுறையில் நன்றாக வேலை செய்வது இதுதான்: ஷார்ப்ஸ் பின்னுக்கு மேலே மடித்த காஸ் துணியைப் பிடித்து, அதில் 6 மி.லி.யையும் மெதுவாகப் பீச்சி ஊற வைத்து, ஆம்பூலில் நின்ற துளியையும் அதில் கவிழ்த்து, ஈரத் துணியை ஷார்ப்ஸ் பின்னுக்குள் போடுவது. மருந்தோடு சிரிஞ்சை அப்படியே பின்னில் போடக் கூடாது, அதை ஒருவர் திரும்ப எடுக்க முடியும். மஞ்சள் பையில் போட்டாலும் அதே கதை. பீச்சுவதற்கு முன்னால் சிரிஞ்சைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, “ஆறு மில்லி, ஆறு மில்லிகிராம்” என்று கொடுத்தவர் சொல்ல, சாட்சி கோட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். பீச்சிய பிறகு சொல்வதில் பிரயோஜனம் இல்லை. பல வார்டுகளில் காலி ஆம்பூலை வைத்திருந்து, புதுச் சரக்கு வாங்கும்போது பார்மசிக்குத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. உங்கள் வார்டில் அப்படியென்றால் அதைப் புது ஆம்பூல் பெட்டிக்குள் வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

இப்போது காலியாக விட்ட கட்டங்களுக்கு வரலாம். கொடுத்தது 4 மி.கி., கொட்டியது 6 மி.கி. கூட்டினால் 10. அந்தக் கூட்டலை இருவரும் தனித்தனியே மனதில் போட வேண்டும், ஒருவர் சொல்லி மற்றவர் தலையாட்டக் கூடாது. மில்லிகிராம் என்ற அலகை ஒவ்வொரு எண்ணோடும் எழுதுங்கள். வெறும் 6 என்றால் ஆறு மில்லியா, ஆறு மில்லிகிராமா என்று நாளை கேட்பார்கள். இன்றைய கலவையில் இரண்டும் ஒன்றுதான், ஃபென்டனிலில் அப்படி இல்லை. ஃபென்டனில் ஆம்பூலில் 2 மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். 25 மைக்ரோகிராம் கொடுத்தால் போனது 0.5 மி.லி., மீதி 1.5 மி.லி., அதாவது 75 மைக்ரோகிராம். அலகு இல்லாமல் 1.5 என்று எழுதிய வரியைப் படிக்கிறவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுதாகவே எழுதுங்கள்.

பிறகு கொடுத்தவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து, இருவரும் அங்கேயே நின்று. தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கவோ வெள்ளை மை பூசவோ தாளைக் கிழிக்கவோ கூடாது. தப்பான எண் தெரியும்படி அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் சரியானதை எழுதி, ஏன் என்று நாலு சொல் சேர்த்து, தேதியோடு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

புது நர்ஸுக்கு உண்மையான சோதனை கணக்கில் வராது, மனுஷரில் வரும். ஷிஃப்ட் முடியும் நேரம். மூத்த நர்ஸ் புத்தகத்தை நீட்டி, “தங்கச்சி, இதுல ஒரு சைன் போடு, அப்பவே கொட்டிட்டேன்” என்கிறார். அவர் நல்லவர், உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். நூற்றுக்குத் தொண்ணூறு சமயம் உண்மையிலேயே கொட்டித்தான் இருப்பார். ஆனாலும் அந்தக் கையெழுத்தின் பொருள் ‘நான் பார்த்தேன்’ என்பது மட்டுமே. “அக்கா, கொட்டினத நான் பாக்கல. பாக்காம போட்டா நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்குமே பிரச்சனை. சிஸ்டர்கிட்ட சொல்லிடலாம்க்கா” என்று சொல்லிவிடுங்கள். சாட்சிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பக்கத்தில் அவர் தன் கையால், எத்தனை மணிக்கு எவ்வளவு கொட்டினார், சாட்சி ஏன் இல்லை என்று எழுதி, வார்டுப் பொறுப்பிலுள்ள சிஸ்டருக்குத் தகவல் சொல்லட்டும். குறையோடு இருக்கும் உண்மை வரியை விசாரிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். பொய் சாட்சியோடு முழுமையாக இருக்கும் வரி மாட்டினால் இருவரின் பதிவும் ஆட்டம் காணும். சிரிஞ்ச் இன்னும் கையில் இருந்தால் பிரச்சினையே இல்லை, “காட்டுங்கக்கா” என்று பார்த்துவிட்டுப் போடலாம்.

ஆம்பூல் கைதவறி உடைந்தால் முதலில் நகராமல் நின்று குரல் கொடுங்கள். துடைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டால் எதைக் காட்டுவது? சாட்சி வந்து தரையில் ஈரத்தையும் கண்ணாடித் துண்டுகளையும், பெயர் அச்சிட்ட துண்டையும் பார்த்த பிறகு பொறுக்கலாம். புத்தகத்தில் கொடுத்தது 0, உடைந்தது 10 மி.கி. என்று ஒரு வரி, இரண்டு கையெழுத்து, சம்பவ அறிக்கை ஒன்று. நோயாளிக்கு வேறு ஆம்பூல், வேறு வரி. காலாவதியான முழு ஆம்பூலை வார்டில் கொட்டக் கூடாது, அது பார்மசிக்குத் திரும்பும்.

கடைசியாக, பாஸ் ஓவர் எண்ணிக்கை. காலை 7, மதியம் 2, இரவு 9 என்று ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எண்ணுவது. புத்தகத்தில் 11 என்று பார்த்துவிட்டு எண்ணினால் கண் 11-ஐத்தான் காணும். வருகிறவர் முதலில் ஆம்பூலைத் தொட்டுத் தூக்கி எண்ணிச் சொல்லட்டும், போகிறவர் அதற்கப்புறம் புத்தகத்தைப் படிக்கட்டும். பெட்டியின் மேல் எழுதியதை நம்பாமல் திறந்து பாருங்கள்.

ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. இன்னொருவர் மறுபடி எண்ணட்டும். பக்கம் திருப்பும்போது கையிருப்பைத் தப்பாகக் கொண்டுபோயிருக்கிறார்களா, மார்ஃபின் வரியைப் பெத்தடின் பக்கத்தில் எழுதிவிட்டார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் இங்கேதான் அகப்படும். பிறகு அந்த ஷிஃப்டில் டிடி எழுதியிருந்த எல்லா நோயாளிகளின் மருந்துச் சீட்டையும் எடுத்து, கொடுத்ததாகக் கையெழுத்திட்ட ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் வரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். காலி ஆம்பூல்களையும் எண்ணுங்கள். கிடைக்கவில்லை என்றால் சிஸ்டருக்கும் பார்மசிஸ்டுக்கும் சொல்ல வேண்டியதுதான். உடைந்துவிட்டதாக ஒரு வரி எழுதிச் சரிக்கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கூடினால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், குறையவில்லையே என்று. கூடுவதும் அதே அளவுக்குக் கோளாறுதான். புத்தகத்தில் எடுத்ததாக எழுதி, கொடுத்ததாகக் கையெழுத்தும் போட்டு, ஆம்பூல் மட்டும் கபோர்ட்டிலேயே இருக்கிறது என்றால், ஏதோ ஒரு கட்டிலில் ஒருவருக்கு மார்ஃபின் போகவில்லை, அல்லது வேறு ஏதோ போயிருக்கிறது. அந்த வரியில் உள்ள பெயரைப் பார்த்து, புத்தகத்தை மூடுவதற்கு முன்னால் அவர் கட்டிலுக்குப் போய் வலி எவ்வளவு என்று கேளுங்கள், மூச்சை எண்ணுங்கள்.